இருபது விளம்பரங்களில் முதலிடம் பிடித்தது அடுத்த சுற்றில் ஏன் சராசரிக்கு இறங்கியது?

கோத்தகிரி_கொழுந்து (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்தில் பெரும்பகுதி ஃபேக்டரிக்குப் போய்விடும். மிச்சத்தை நாங்களே ஆர்த்தடாக்ஸ் தேயிலையாகச் செய்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்புகிறேன். ஆர்டர் எல்லாம் கைபேசி விளம்பரத்தின் வழியாகத்தான் வருகிறது.

தீபாவளியை ஒட்டி ஒரு சோதனை செய்து பார்த்தேன். மூடுபனித் தோட்டம், கண்ணாடித் தம்ளரில் தேநீர், கொழுந்து பறிக்கும் கை, பாக்கெட் என நான்கு படங்களையும், ஐந்து தலைப்பு வரிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து இருபது விளம்பரங்கள் ஆக்கினேன். ஒவ்வொன்றும் 5,000 முறை காட்டப்பட்டதும் நிறுத்திவிட்டேன். ஆயிரம் முறை காட்ட 120 ரூபாய் வீதம் மொத்தம் 12,000 ரூபாய் செலவாயிற்று. ஒவ்வொன்றுக்கும் கிடைத்த கிளிக்குகளை இறங்குவரிசையில் தருகிறேன்:

66, 60, 58, 57, 56, 54, 53, 53, 51, 50, 50, 49, 48, 47, 46, 45, 44, 41, 38, 34.

மொத்தம் 1,000 கிளிக். சராசரி 50, அதாவது நூற்றுக்கு 1. முதலிடம் பிடித்த 66, மூடுபனிப் படமும் "முதல் கொழுந்தின் மணம்" என்ற வரியும் சேர்ந்த விளம்பரம். நூற்றுக்கு 1.32 என்றதும் மகிழ்ந்துபோய், ஜனவரியில் அதை மட்டும் 20,000 முறை ஓடவிட்டேன். 264 கிளிக் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன், வந்தது 209. நூற்றுக்கு 1.05கூட முழுதாக இல்லை. இதற்கிடையே அதே மூடுபனிப் படத்தை வைத்து 5,000 பாக்கெட் அட்டைகளையும் அச்சடித்துவிட்டேன்.

பார்த்தவர்களுக்கு அந்த விளம்பரம் சலித்துவிட்டதா, அல்லது நான் எங்கேயாவது தவறு செய்தேனா?

ஊட்டி_மார்க்கெட்டிங்

தம்பி, இது சலிப்பேதான். ஒரே விளம்பரத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறவர்கள் கிளிக் செய்வது குறைந்துகொண்டே போகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் சோதனையில் எந்தக் கோளாறும் இல்லை. முதலிடத்தின் 66ஐயும் கடைசி இடத்தின் 34ஐயும் இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வேறுபாடு உண்மையானது என்று 99 சதவீதத்துக்கும் மேலான உறுதியோடு சொல்லுகிறது. பொதுவாக 95 சதவீதமே போதும் என்பார்கள். ஆகவே வென்ற விளம்பரம் உண்மையாகவே வென்றதுதான். படத்தின் நிறத்தைச் சற்று மாற்றிப் புதுப்பித்து, மீண்டும் ஓடவிடுங்கள்.

கொடை_விருந்தகம்

எந்தப் படம் நல்லது என்ற கேள்வியானால் என் அனுபவத்தைச் சொல்லுகிறேன். வட்டக்கானல் பக்கம் நான்கு அறைகள் கொண்ட விருந்தகம் நடத்துகிறேன். மூடுபனிப் படம் போட்டால் கிளிக் குவியும், ஆனால் அறை பதிவாகாது. படத்தை ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்கள், நாங்கள் வரும் அன்றைக்குப் பனி இருக்குமா என்று எழுதிக் கேட்கிறார்கள். அறைக்குள் இருக்கும் கட்டிலையும் வெந்நீர்க் குழாயையும் காட்டிய படத்துக்குக் கிளிக் குறைவுதான் என்றாலும், வந்தவர்கள் பணம் கட்டினார்கள். மூடுபனியை விட்டுவிட்டுப் பாக்கெட்டைக் காட்டுங்கள் தம்பி.

கோத்தகிரி_கொழுந்து

நன்றி அக்கா. எந்தப் படம் என்பதைவிட, நானே எண்ணி எடுத்த 1.32 எங்கே போயிற்று என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சலிப்பு என்பதும் பொருந்துமா என்று தெரியவில்லை. ஜனவரியில் தேர்ந்தெடுத்தது கோயம்புத்தூர், திருச்சி. முதல் சுற்றில் இந்த இரண்டு ஊர்களுக்கும் காட்டவே இல்லை.

நிரல்_வெலிங்டன்

ஊர் மாறியது வேறு சந்தேகத்தைக் கிளப்பும், அது ஒருபுறம் இருக்கட்டும். நான் ஒரு சிறு வேலை செய்தேன். இருபது விளம்பரங்களும் அச்சு அசலாக ஒன்றே, எல்லாவற்றுக்கும் உண்மையான கிளிக் விகிதம் நூற்றுக்கு 1 மட்டுமே என்று வைத்துக்கொண்டு, உங்கள் சோதனையைக் கணினியில் பத்தாயிரம் முறை நடத்திப் பார்த்தேன்.

```python
import numpy as np
c = np.random.binomial(5000, 0.01, size=(10000, 20))
m = c.max(axis=1)
print(m.mean(), (m >= 66).mean())
```

எந்த வேறுபாடும் இல்லாத இருபதில் முதலிடம் பிடிப்பது, சராசரியாக 64 கிளிக் வாங்குகிறது. பத்து முறைக்கு ஏறத்தாழ மூன்று முறை, முதலிடம் 66ஐயோ அதற்கு மேலோ தொடுகிறது. உங்கள் 66க்கு மூடுபனியும் தேவையில்லை, தலைப்பு வரியும் தேவையில்லை. ஒரே விளம்பரத்தை இருபது பெயரில் ஓடவிட்டிருந்தாலும் இப்படி ஒரு வெற்றியாளர் கிடைத்திருப்பார்.

இன்னொன்று. சோதனை தொடங்கும் முன்பே ஒரு விளம்பரத்தைச் சுட்டி, "இது 66 வாங்குமா" என்று கேட்டிருந்தால், தற்செயலாக அது நடக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இருபதும் முடிந்தபின் அதிகம் வாங்கியதைத் தேடிப் பிடித்துக் கேட்டால் அதே வாய்ப்பு நூற்றுக்கு முப்பது. எண் மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது.

ஊட்டி_மார்க்கெட்டிங்

கணினியில் எல்லாம் ஒன்றே என்று நீங்களே வைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகத்தானே வரும்? அவருடைய இருபதும் ஒன்றல்ல. நான்கு படங்கள், ஐந்து வரிகள். பனித் தோட்டமும் பாக்கெட்டும் மனித மனத்தில் ஒரே விளைவைத் தரும் என்று நான் நம்பவில்லை. மேலும் என் 99 சதவீதக் கணக்குக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

குன்னூர்_ஓய்வு

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தொழில் எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் சோதனைப் பாத்திகளின் கணக்கை முப்பது ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில், இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பழகிய முகமாகத் தெரிகிறது.

முதலில் 99 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கால்குலேட்டர், முன்கூட்டியே தேர்ந்த இரண்டே இரண்டை ஒப்பிடுவதற்காகச் செய்யப்பட்டது. இருபதில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது நாம். அது அதற்குத் தெரியாது. 50 கிளிக் எதிர்பார்க்கும் இடத்தில், எந்தக் காரணமும் இன்றி எண் ஏழு ஏழாக மேலும் கீழும் ஆடும். 50இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7 என்பதே இதற்கு அடிப்படை. அப்படி ஆடும் இருபது எண்களில் முதலுக்கும் கடைசிக்கும் சராசரியாகவே 26 கிளிக் இடைவெளி விழும். இங்கே விழுந்தது 32. சற்று அதிகம்தான், ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்கு இல்லை.

அதே நேரம், ஊட்டி நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. இருபதும் ஒன்றே என்று நானும் நம்பவில்லை. வேறுபாடு இருக்கிறதா என்று கேட்பதைவிட, நாம் காணும் ஏற்றத்தாழ்வில் எத்தனை பங்கு விளம்பரத்துடையது, எத்தனை பங்கு தற்செயலுடையது என்று கேட்பதுதான் பயன் தரும். அதை அவர் தந்த பட்டியலைக் கொண்டே மதிப்பிடலாம்.

ஒவ்வொரு எண்ணும் 50இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு, அதை வர்க்கமாக்கிக் கூட்டினால் 1,112 வருகிறது. 19ஆல் வகுத்தால் 58.5. தற்செயல் மட்டுமே வேலை செய்திருந்தால் இந்த எண் 49.5 அளவில் இருந்திருக்கும். மிஞ்சுவது 9. அதாவது கண்ணுக்குத் தெரியும் மொத்த ஏற்றத்தாழ்வாகிய 58.5இல், விளம்பரங்களின் உண்மையான வேறுபாட்டுக்குச் சேரக்கூடியது 9 மட்டுமே; ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு.

இனி முதலிடத்தைப் பாருங்கள். அது சராசரியைவிட 16 கிளிக் அதிகம் பெற்றது. அந்தப் பதினாறில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மட்டும் அதன் சொந்தத் திறமை என்று ஒப்புக்கொண்டால் இரண்டரை கிளிக். ஆகவே அந்த விளம்பரத்தின் மதிப்பீடு 66 அல்ல, 52.5, நூற்றுக்கு 1.05. இருபதாயிரம் முறை காட்டினால் 210 கிளிக் எதிர்பார்த்திருக்கலாம். தம்பிக்கு வந்தது 209. இவ்வளவு நெருங்கி வந்ததை என் கணக்கின் சாமர்த்தியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 195 வந்திருந்தாலும் 225 வந்திருந்தாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். 210ஐச் சுற்றிப் பதினான்கு பதினைந்து கிளிக் ஆட்டம் எப்போதும் உண்டு.

செடித் தேர்வில் இதை ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். பழைய விதைச்செடித் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்த்து, கொழுந்து நிறையத் தந்த சிலவற்றைக் குறித்துவைப்போம். அவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து, வேறு இடத்தில் வரிசையாக நட்டு மறுபடியும் நிறுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே முதல் எடையிலிருந்து இறங்கிவிடும். செடி கெட்டுப்போகவில்லை. முதல் முறை அது நின்ற இடத்தின் மண், நிழல், கவாத்து முடிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது, அன்றைக்குப் பறித்தவரின் கை, இவை யாவும் அதற்குச் சாதகமாக அமைந்திருந்தன. அப்படி அமைந்ததால்தான் அது நம் கண்ணில் பட்டது. செடி இனவிருத்தி செய்பவர்கள் அதனால் முதல் எடையை நம்பி விற்பனைக்கு விடுவதில்லை. நம் மலையில் நட்டிருக்கும் யுபாசி-9 போன்ற குளோன்கள் இப்படிப் பல சுற்றுகளைக் கடந்து வந்தவை. தாய்ச்செடியின் மிகையில் எத்தனை பங்கு பிள்ளைக்கு வரும் என்பதற்கு அவர்கள் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். நான் மேலே போட்ட நூற்றுக்குப் பதினைந்து அதற்கு ஒப்பானதுதான்.

கூடலூர்_மிளகு

ஐயா சொன்னதை நான் வேறு வழியில் படித்திருக்கிறேன். பல ஒப்பீடுகள் செய்யும்போது, ஒன்றுக்கு வைத்திருக்கும் தவறு வரம்பை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்று போன்ஃபெரோனி முறை சொல்லுகிறது. நூற்றுக்கு 5 என்ற வரம்பை இருபதால் வகுத்தால் நூற்றுக்குக் கால். நிரல் நண்பர் சொன்னபடி 66 வருவதற்கான தனி வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்றால், அது கால் என்ற வரம்புக்குள் வரவில்லை. ஆகவே இருபதும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது. எதை வேண்டுமானாலும் ஓடவிடலாம். கணக்கு முடிந்தது.

குன்னூர்_ஓய்வு

வகுத்தது சரி, முடிவு சரியில்லை. வரம்பைத் தாண்டவில்லை என்றால் வேறுபாட்டைக் காட்டப் போதிய சான்று இல்லை என்று மட்டுமே பொருள். அவர் சோதனையில் ஒரு விளம்பரம் மற்றவற்றைவிட உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு மேலானதாக இருந்திருந்தாலும், அதன் எதிர்பார்ப்பு 60 கிளிக்தான். போன்ஃபெரோனி வரம்பைத் தொட ஏறத்தாழ 70 வேண்டும். நல்ல விளம்பரமும் பெரும்பாலும் அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வாசல் உயர உயர, அதைத் தாண்டி உள்ளே வருவது அதிர்ஷ்டமும் சேர்ந்தே வந்ததாக இருக்கும். உண்மையில் 60 வாங்க வேண்டிய விளம்பரம் 72 வாங்கி உள்ளே நுழைந்தால், அது மேலானது என்ற தீர்ப்பு சரி. ஆனால் 72 என்ற எண் பொய். வரம்பை இறுக்குவது, எது வென்றது என்ற கேள்வியில் நம்மைக் காப்பாற்றும். எவ்வளவு வென்றது என்ற கேள்வியில் காப்பாற்றாது. தம்பி ஏமாந்தது இரண்டாவது கேள்வியில்.

கோத்தகிரி_கொழுந்து

அப்படியானால் முதலிடத்தைத் தேர்ந்தெடுத்ததே தவறா ஐயா? வேறு எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?

குன்னூர்_ஓய்வு

தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. இருபதில் ஒன்றை ஓடவிட்டாக வேண்டும் என்றால் 66 வாங்கியதைத்தான் நானும் எடுத்திருப்பேன். எல்லாம் சமம் என்றால் அதனால் நட்டமில்லை, கொஞ்சம் வேறுபாடு இருந்தால் அது சரியான பக்கத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். 264 கிளிக் வரும் என்று நம்பி அதற்கேற்பச் சரக்கு ஒதுக்கியிருந்தால் அது நட்டம். மூடுபனிதான் விற்கிறது என்று ஒரு பாடம் கற்றுக்கொண்டு 5,000 அட்டை அடித்தது நட்டம். அந்த அட்டை நன்றாகவே இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனை அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

பாடம் கற்க வேண்டுமானால் உங்கள் சோதனையிலேயே இன்னும் நல்ல வழி ஒன்று இருந்தது. நான்கு படங்களையும் ஐந்து வரிகளையும் முழுமையாகக் கோத்திருக்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு படமும் ஐந்து விளம்பரங்களில், 25,000 முறை காட்டப்பட்டிருக்கிறது. தனி விளம்பரத்தைப் பார்ப்பதற்குப் பதில், படம் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஐந்து மடங்கு சரக்கு ஒரே தராசில் ஏறும்.

கோத்தகிரி_கொழுந்து

கூட்டிப் பார்த்தேன். மூடுபனி 272, தம்ளர் 251, பறிக்கும் கை 243, பாக்கெட் 234. மூடுபனிதானே முன்னால் நிற்கிறது?

நிரல்_வெலிங்டன்

முன்னால் நிற்கிறது, ஆனால் 250ஐச் சுற்றி ஒவ்வொன்றும் 16 அளவுக்கு ஆடும். நான்கு சமமான படங்களை வைத்தாலே முதலுக்கும் கடைசிக்கும் 33 அளவில் இடைவெளி வரும், உங்களுக்கு 38. நான்கில் ஒன்று முதலில் நின்றுதானே ஆக வேண்டும்.

வேறொரு கேள்வி. இருபதையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டீர்களா?

கோத்தகிரி_கொழுந்து

இல்லை. மூடுபனி, தம்ளர் ஆகிய இரண்டு படங்களின் பத்து விளம்பரங்கள் தீபாவளி வாரத்தில் ஓடின. கை, பாக்கெட் ஆகியவற்றின் பத்தும் அதற்கு அடுத்த வாரம். இருபதையும் ஒன்றாக ஏற்றினால் அன்றாட பட்ஜெட் தாங்காது என்று பிரித்துக்கொண்டேன்.

குன்னூர்_ஓய்வு

அப்படிச் சொல்லுங்கள்! முதல் வாரத்தின் பத்துக்கு 523 கிளிக், இரண்டாம் வாரத்தின் பத்துக்கு 477. இந்த 46 கிளிக் படத்தினால் வந்ததா, தீபாவளிப் பரிசு தேடிக் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவர்களால் வந்ததா, வெறும் தற்செயலா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் மிகுந்த பெருந்தன்மையோடு விளம்பரங்களுக்கு ஒதுக்கிய அந்த 9கூட வாரத்துக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். மேட்டுப் பாத்தியில் ஒரு குளோனையும் ஓடைக்கரைப் பாத்தியில் இன்னொன்றையும் நட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிடுவது போல ஆயிற்று. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷர் 1920களில் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். இருபதையும் இரண்டு வாரமும் பாதிப் பாதியாக ஓடவிட்டிருந்தால் செலவு அதே 12,000தான் ஆகியிருக்கும்.

கொடை_விருந்தகம்

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனாலும் விடாமல் ஒன்று கேட்கிறேன். கிளிக்கை வைத்து இவ்வளவு கணக்குப் போடுகிறீர்களே, அந்த ஆயிரம் கிளிக்கில் எத்தனை பேர் தேயிலை வாங்கினார்கள்?

கோத்தகிரி_கொழுந்து

மொத்தம் 23 ஆர்டர் அக்கா. முதலிடம் பிடித்த விளம்பரத்துக்கு மூன்று. 41 கிளிக் வாங்கிய பாக்கெட் விளம்பரம் ஒன்றுக்கும் மூன்று.

கொடை_விருந்தகம்

அதைத்தான் சொன்னேன். கிளிக்கில் தோற்றது ஆர்டரில் சமமாக நிற்கிறது. பாக்கெட்டே மேல்.

நிரல்_வெலிங்டன்

அக்கா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி, ஆனால் விடை அதில் இல்லை. இருபது விளம்பரத்துக்கு 23 ஆர்டர் என்றால் ஒன்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. இருபது பெட்டிகளுக்குள் 23 கோலிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால், சில பெட்டி காலியாகவும் சிலவற்றில் மூன்று நான்காகவும் விழும். கிளிக்கில் தற்செயல் ஆட்டம் அதிகம் என்றால் ஆர்டரில் அந்த ஆட்டம் மட்டுமே இருக்கிறது. நாம் உண்மையில் அறிய விரும்புவது ஆர்டரைத்தான். ஆனால் அதை அறியத் தேவையான எண்ணிக்கை நம்மிடம் இல்லாததால், அருகில் கிடைக்கும் கிளிக்கை எண்ணுகிறோம். இரண்டும் ஒரே திசையில் போகும் என்பது நம்பிக்கை மட்டுமே. உங்கள் கட்டில் படத்துக்கும் இதே கேள்வி உண்டு: எத்தனை பதிவுகளை வைத்துச் சொல்லுகிறீர்கள்?

கொடை_விருந்தகம்

ஒரு சீசனில் கட்டில் படத்துக்கு ஒன்பது, பனிப் படத்துக்கு நான்கு. குறைவுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் வந்தவர்களோடு பேசியவள் நான். படத்தை மாற்றப் போவதில்லை.

ஊட்டி_மார்க்கெட்டிங்

என் 99 சதவீதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் நடைமுறையைச் சொல்ல வேண்டும். இப்படிக் கணக்குப் பார்த்தால் சிறு வியாபாரி சோதனையே செய்ய முடியாது. ஒரு நல்ல வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எத்தனை முறை காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அதற்குப் பதிலாக, பட்ஜெட்டை விளம்பரத் தளமே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதே மேல். எது கிளிக் வாங்குகிறதோ அதற்குத் தளம் தானாகவே பணத்தை நகர்த்திவிடும்.

குன்னூர்_ஓய்வு

எண்ணைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு 1 என்பதற்கும் 1.2 என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க விரும்புகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் 43,000 முறை காட்டினால் ஒன்றுக்கு 430, மற்றொன்றுக்கு 516 கிளிக் எதிர்பார்க்கலாம். இடைவெளி 86, அந்த இடைவெளியின் தற்செயல் ஆட்டம் 31 அளவில் இருக்கும். ஆட்டத்தைப்போல் மூன்று மடங்கை நெருங்குவதால், உண்மையில் வேறுபாடு இருந்தால் ஐந்தில் நான்கு முறை கண்ணில் பட்டுவிடும். இரண்டு விளம்பரத்துக்கு 86,000 முறை. தம்பியின் விலையில் 10,320 ரூபாய். அவர் ஏற்கெனவே 12,000 செலவழித்துவிட்டார் என்பதை நினைவில் வையுங்கள். அதே கேள்வியை இருபது விளம்பரத்துக்குக் கேட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். சிறு வியாபாரியால் சோதனை செய்ய முடியாது என்பதல்ல. இருபதைச் சோதிக்க முடியாது, இரண்டைச் சோதிக்கலாம்.

நிரல்_வெலிங்டன்

தளம் தானாகப் பிரிப்பதைப் பற்றி: முதல் நாள் எதேச்சையாக நான்கு கிளிக் அதிகம் வாங்கியதற்குப் பணம் ஓடும்; முதல் நாள் துரதிர்ஷ்டமாக அமைந்தது 300 முறை காட்டப்பட்டதோடு நின்றுபோகும்; அதற்கு மறுவாய்ப்பே கிடைக்காது. அதுமட்டுமல்ல, எந்த விளம்பரத்தை யார் கிளிக் செய்வார்கள் என்று ஊகித்துத் தளம் ஆளைப் பார்த்துக் காட்டுகிறது. பனிப் படத்தைப் பயணப் பிரியர்களுக்கும் பாக்கெட்டைச் சமையல் பக்கம் பார்ப்பவர்களுக்கும் காட்டிவிட்டு, கிளிக்கை ஒப்பிட்டால் நாம் ஒப்பிடுவது படத்தையல்ல, ஆட்களை. ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் சோதனை வசதி தனியாக இருக்கும். அதைத் தேடி எடுக்க வேண்டும்.

ஊட்டி_மார்க்கெட்டிங்

ஆளைப் பார்த்துக் காட்டுவது குறையா? எனக்குத் தேவை ஆர்டர். பனிப் படம் ஏன் வென்றது என்ற ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல. பயணப் பிரியருக்குப் பனியையும் சமையல்காரருக்குப் பாக்கெட்டையும் காட்டித் தளம் எனக்கு இரண்டு ஆர்டர் கூடுதலாகக் கொடுத்தால் நான் நன்றி சொல்லுவேன்.

நிரல்_வெலிங்டன்

செலவழிப்பதற்கு அது நல்ல வழியாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டு, அதில் முதலிடம் வந்ததை எடுத்து அட்டையில் அச்சடிப்பதை மறுக்கிறேன். கூடுதல் ஆர்டர் தளத்தின் சாமர்த்தியத்தால் வந்ததா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்பதையும் அந்தத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கூடலூர்_மிளகு

எனக்கு ஓர் ஐயம். முதல் சுற்றில் மேலே வந்த நான்கை எடுத்து இரண்டாம் சுற்றில் சோதித்தால், இரண்டு சுற்றின் கிளிக்கையும் கூட்டிக்கொள்ளலாமா? தரவு அதிகமானால் நல்லதுதானே?

குன்னூர்_ஓய்வு

மேலே வந்த நான்கை மட்டும் தமக்குள் ஒப்பிடவும், பழைய அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்கவும் முதல் சுற்றுக்குக் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் அப்படியே கூட்டினால் 66 வாங்கியது பதினாறு கிளிக் முன்பணத்தோடு ஓட்டத்தைத் தொடங்கும். எளிய வழி, தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட எண்ணை மதிப்பிடப் பயன்படுத்தாமல் இருப்பது. ஜனவரியில் வந்த 209தான் அந்த விளம்பரத்தைப் பற்றித் தம்பியிடம் இருக்கும் ஒரே நேர்மையான எண். அதுவும் வேறு ஊர்களில் எடுத்தது. சென்னையில் அது 1.1ஆக இருந்திருக்கலாம், 0.95ஆகவும் இருந்திருக்கலாம்.

ஊட்டி_மார்க்கெட்டிங்

அப்படியானால் சலிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறீர்களா?

குன்னூர்_ஓய்வு

இருக்கிறது. ஆனால் அது இருந்தால் நாள் செல்லச் செல்லக் கிளிக் இறங்குவதைக் காண முடியும். முதல் ஐயாயிரத்துக்கும் கடைசி ஐயாயிரத்துக்கும் வேறுபாடு தெரியும். அதிர்ஷ்டம் கழிந்ததென்றால் இரண்டாம் சுற்றின் முதல் நாளிலிருந்தே சராசரியில்தான் இருக்கும். தம்பி, ஜனவரிக் கணக்கை ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்துத் தர முடியுமா?

கோத்தகிரி_கொழுந்து

பிரித்துப் பார்த்தேன்: 49, 56, 51, 53.

ஊட்டி_மார்க்கெட்டிங்

சரி. இறக்கம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கோத்தகிரி_கொழுந்து

அடுத்த சுற்றுக்கு இரண்டே விளம்பரம் வைத்திருக்கிறேன். படம் மூடுபனி, பாக்கெட். வரி இரண்டுக்கும் ஒன்றே. ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் வசதியில் ஏற்றி, சென்னையில் மட்டும், இரண்டும் ஒரே நாட்களில், ஒவ்வொன்றும் 43,000 வரும்வரை நடுவில் நிறுத்தாமல் ஓடவிடப் போகிறேன். பழைய எண்களைக் கூட்ட மாட்டேன். ஆர்டர்களையும் தனியே குறித்துவைப்பேன். கொடை அக்காவின் கேள்விக்கு அதில் விடை கிடைக்காது என்று தெரிந்தாலும் குறித்துவைப்பேன்.

அட்டை 5,000இல் இதுவரை 640 செலவாகியிருக்கிறது. மிச்சம் பரணில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஈரம் ஏறாமல் அதை எங்கே வைப்பது என்பதற்கு வேறு இழை தொடங்குகிறேன்.